பூஜ்ஜியம் சொல்லாத திசை

கணக்கு முடிந்துவிட்ட தாளைப் பார்த்தால் வரும் நிம்மதியை நான் முழுதாக நம்புவதில்லை. கூரை ட்ரஸ்ஸோ சிறு பாலத்தின் ட்ரஸ்ஸோ, கையால் வரைந்து மூட்டு மூட்டாகப் போட்ட கணக்கு என்றால் அந்தத் தாளின் முகம் பழகிய ஒன்றுதான். பென்சில் கோடுகள், அழித்து மறுபடி வரைந்த அம்புத்தலைகள், ரப்பர் தேய்த்த இடத்தில் கொஞ்சம் பஞ்சாகிப்போன தாள், ஒவ்வொரு மூட்டுக்கும் கீழே கிடைவிசைகளின் கூட்டுத்தொகை பூஜ்ஜியம், செங்குத்து விசைகளின் கூட்டுத்தொகை பூஜ்ஜியம் என்று இரண்டு வரி, ஓரத்தில் ஒரு டிக். கூட்டிப் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் வருகிறது. இருந்தும் எண்களுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் கிடக்கும் 'டி', 'சி' என்ற குறிகளிடம் வந்ததும் கண் நின்றுவிடுகிறது. டி என்றால் அந்த உறுப்பு இழுபடுகிறது. சி என்றால் அமுங்குகிறது. எண் முப்பத்தாறா நாற்பத்தைந்தா என்பதை அந்த இரண்டு வரிக் கூட்டல் சொல்லிவிடும். அந்தப் பொடி எழுத்து சரிதானா என்பதை எது சொல்கிறது? பூஜ்ஜியம் வந்துவிட்டதே என்று பதில் சொல்லலாம். அந்தப் பூஜ்ஜியத்துக்கு இந்தக் கேள்வி எட்டுகிறதா என்பதே எனக்குத் தீராத சந்தேகம்.

சந்தேகத்தைக் காற்றில் வைத்துப் பேசுவதைவிட ஒரு ட்ரஸ்ஸை வரைந்துகொள்வது மேல். பன்னிரண்டு மீட்டர் நீளப் பாலத்தின் ஒரு பக்கம். கீழே மூன்று மீட்டருக்கு ஒன்றாக ஐந்து மூட்டுகள். இடமிருந்து வலமாக அ, ஆ, இ, ஈ, உ. மேலே நான்கு மீட்டர் உயரத்தில், ஆ, இ, ஈ ஆகியவற்றுக்கு நேர் மேலாக மூன்று மூட்டுகள். க, ச, ட. இரண்டு முனைகளிலும் அ-க, உ-ட என்று சாய்ந்த முனைக்கால்கள். நடுவில் ஆ-க, இ-ச, ஈ-ட என்று மூன்று செங்குத்துகள். மேலிருந்து நடுவை நோக்கி இறங்கும் க-இ, ட-இ என்ற இரண்டு சாய்வுகள். கீழ்நாணில் நான்கு, மேல்நாணில் இரண்டு என்று சேர்த்தால் மொத்தம் 13 உறுப்புகள், 8 மூட்டுகள். மூன்றுக்கு நான்கு என்ற கட்டம் என்பதால் சாய்வு ஒவ்வொன்றும் ஐந்து மீட்டர். சாய்வில் ஓடும் விசையில் ஐந்தில் நான்கு பங்கு செங்குத்தாகவும் ஐந்தில் மூன்று பங்கு கிடையாகவும் பிரியும். கீழே ஆ, இ, ஈ மூன்றிலும் 24 கிலோநியூட்டன் சுமை தொங்குகிறது. மொத்தம் 72, இரண்டு தாங்கிகளும் ஆளுக்கு 36 மேல்நோக்கித் தருகின்றன. இந்த வடிவத்துக்கு பிராட் ட்ரஸ் என்று பெயர். தாமஸ் பிராட்டும் அவருடைய தந்தை காலெபும் 1844-ல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியது.

மூட்டு முறை என்பது ஒரு மூட்டை மட்டும் தனியே பிடுங்கி வைத்துக்கொண்டு, அதைத் தொடும் விசைகளெல்லாம் ஒன்றையொன்று அடித்துப்போகின்றனவா என்று பார்ப்பது. தெரியாத விசை இரண்டுக்கு மேல் இல்லாத மூட்டில் தொடங்க வேண்டும். தொடங்கும்போது எல்லா உறுப்பும் இழுபடுவதாகவே வைத்துக்கொள்வது வழக்கம். விடை கழித்தல் குறியோடு வந்தால் அது அமுங்குகிறது. அ-வில் தொடங்குவோம். தாங்கி 36 மேலே தள்ளுகிறது. மேலும் கீழும் விசை காட்டக்கூடிய உறுப்பு அ-க ஒன்றுதான். அதன் செங்குத்துப் பங்கு 36 கீழ்நோக்கி இருந்தாக வேண்டும். ஆகவே அ-க கழித்தல் 45, அமுக்கம். அது மூட்டை இடப்பக்கமாக 27 தள்ளுகிறது. அதை ஈடுகட்ட அ-ஆ வலப்பக்கமாக 27 இழுக்கிறது. அடுத்து ஆ. அங்கே 24 தொங்குகிறது, நேர் மேலே ஆ-க மட்டும் இருக்கிறது; ஆகவே அது 24 இழுவிசை. ஆ-இ, பக்கத்து உறுப்பைப் போலவே 27 இழுவிசை. மூன்றாவதாக க. முனைக்கால் கீழிருந்து 36 மேலே தள்ளுகிறது, செங்குத்து 24 கீழே இழுக்கிறது, மிச்சம் 12. அதைச் சாய்வு க-இ கீழே இழுத்துச் சமன்செய்ய வேண்டும் என்றால் அதில் 15 இழுவிசை. கிடையாக முனைக்கால் 27-ம் சாய்வு 9-ம் வலப்பக்கம். மேல்நாண் க-ச 36 அமுக்கத்தோடு இடப்பக்கம் தள்ளுகிறது. ச-வில் சுமை எதுவுமில்லை. இரு பக்க நாண்களும் ஒரே கோட்டில் இருக்கின்றன. ஆகவே செங்குத்து இ-ச வெறும் பூஜ்ஜியம். மறுபாதி இதன் கண்ணாடிப் பிம்பம்.

இந்தக் கணக்கில் ஒருவர் தடுக்கி விழுவார் என்றால் அது க-வில்தான். அ-வில் வந்த கழித்தல் 45-ஐ எடுத்துக்கொண்டு க-வுக்கு வரும்போது இரண்டு வழி இருக்கிறது. அம்பை மூட்டை விட்டு வெளியே போவதாகவே வரைந்து, எண்ணைக் கழித்தல் குறியோடு போடலாம். அல்லது அம்பைத் திருப்பி மூட்டைத் தள்ளுவதாக வரைந்து, எண்ணை வெறும் 45 என்று போடலாம். இரண்டும் சரி. அம்பையும் திருப்பி, கழித்தல் குறியையும் வைத்துக்கொண்டால்தான் வினை: அமுங்கும் கால் மறுபடி இழுக்கும் காலாகிவிடும். அப்போது க-வில் 36-ம் 24-ம் சேர்ந்து கீழே போகும்; சாய்வு கழித்தல் 75 என்று வரும்; மேல்நாண் 72 இழுவிசை ஆகும். ஆனால் க-வின் கீழே எழுதும் இரண்டு வரிகளும் பூஜ்ஜியமாகத்தான் முடியும். முடியாமல் எப்படி? அந்த இரண்டு சமன்பாட்டை வைத்துத்தானே அந்த இரண்டு எண்ணையும் கண்டுபிடித்தோம். ஒரு மூட்டில் விடை கண்டுபிடிக்கப் பயன்பட்ட சமன்பாட்டை அந்த மூட்டிலேயே மறுபடி போட்டுப் பார்ப்பது கூட்டலைத்தான் சோதிக்கும்; வேறு எதையும் சோதிக்காது. தாளின் ஓரத்து டிக்குகளில் பெரும்பாலானவை இந்த வகை.

உண்மையான சோதனை எங்கே இருக்கிறது என்பதை எண்ணிப் பார்த்தே சொல்லிவிடலாம். எட்டு மூட்டு, மூட்டுக்கு இரண்டு, மொத்தம் 16 சமன்பாடுகள். தெரிய வேண்டியவை 13 உறுப்புவிசைகள். தாங்கிகளின் விசையை முழு ட்ரஸ்ஸையும் ஒரே பொருளாக வைத்து முன்பே கண்டுபிடித்துவிட்டோம். ஆகவே மூன்று சமன்பாடுகள் வேலையில்லாமல் மீந்து நிற்கும். அந்த மூன்றும்தான் சாட்சிகள்; மற்ற பதின்மூன்றும் வழக்கில் சம்பந்தப்பட்ட கட்சிக்காரர்கள். மேலே சொன்ன தவறைப் பாதிக் கணக்கில் செய்துவிட்டு, மறுபாதியைக் கண்ணாடிப் பிம்பமாக எழுதி, இ என்ற நடு மூட்டுக்குப் போனால் குட்டு உடைந்துவிடும்: இரண்டு சாய்வுகளும் ஆளுக்கு 60 கீழே தள்ள, 24 தொங்க, செங்குத்தில் ஒன்றுமில்லை, 144 கிலோநியூட்டன் ஈடுகட்ட ஆளில்லாமல் நிற்கும். சரியான விடையில் அதே மூட்டில் இரண்டு சாய்வுகளும் ஆளுக்கு 12 தூக்கி அந்த 24-ஐ அப்படியே சமன்செய்யும். வேடிக்கை என்னவென்றால், சமச்சீரான ட்ரஸ்ஸில் அ, ஆ, க, ச நான்கையும் முடித்ததும் எல்லா எண்ணும் கிடைத்துவிடுவதால் இ-க்குப் போகவே பலருக்குத் தோன்றாது. வேலை மிச்சம் என்று விட்ட அந்த மூட்டில்தான் சாட்சி உட்கார்ந்திருக்கிறது. ஒரு தாளைச் சரிபார்க்கக் கொடுத்தால் நான் முதலில் தேடுவது எந்த மூட்டில் கணக்கு போட்டிருக்கிறார்கள் என்பதை அல்ல. எந்த மூட்டைத் தொடாமல் விட்டிருக்கிறார்கள் என்பதைத்தான்.

இத்தோடு என் சந்தேகம் தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை. ஏனென்றால் இ-யில் கூட்டிப் பார்ப்பது எண்களுக்கும் அவற்றின் குறிகளுக்கும் இடையே உள்ள ஒற்றுமையைத்தான் சோதிக்கிறது. கணக்கெல்லாம் சரியாகப் போட்டு, கடைசியில் அட்டவணை எழுதும்போது விசையுள்ள பன்னிரண்டு உறுப்பிலும் டி-யையும் சி-யையும் மாற்றி எழுதியிருந்தால்? எந்த மூட்டிலும் ஒரு கூட்டலும் பிசகாது. சமன்பாட்டுக்குத் தெரிந்ததெல்லாம் மூட்டின்மேல் விழும் அம்பு மட்டும். உறுப்புக்கு என்ன ஆகிறது என்பதை மூட்டிலிருந்து உறுப்புக்கு நாம்தான் மொழிபெயர்த்துச் சொல்கிறோம். அந்த ஒரு அடியை எந்தச் சமன்பாடும் கூடவந்து பார்ப்பதில்லை. அந்த அடியில் கண் ஏமாறுவதற்கு நல்ல காரணமும் இருக்கிறது. அமுங்கும் உறுப்பு தன் இரு முனை மூட்டுகளையும் தள்ளுகிறது. படத்தில் அந்தத் தள்ளலை உறுப்பின் கோட்டின்மேலேயே இரண்டு அம்புகளாகப் போடுவது கைக்கணக்கின் பழக்கம்: இடப்பக்க அம்பு இடப்பக்க மூட்டை நோக்கி, வலப்பக்க அம்பு வலப்பக்க மூட்டை நோக்கி. அம்புகள் இரண்டும் வெளியே பார்க்கின்றன. தெரியாத ஒருவரிடம் காட்டினால் அந்தக் கோட்டை யாரோ இரண்டு பக்கமும் இழுத்து நீட்டுகிறார்கள் என்றுதான் சொல்வார். உண்மையில் அது நசுங்கிக்கொண்டிருக்கிறது. அம்புகள் காட்டுவது அது மூட்டுக்குத் திருப்பிக் கொடுப்பதை, அது வாங்கிக்கொள்வதை அல்ல. இழுபடும் உறுப்பிலோ அம்புகள் உள்நோக்கி ஒன்றையொன்று பார்க்கும். அதைப் பார்த்தால் அமுக்குவதுபோலத் தெரியும். படம் முழுவதும் உண்மையைச் சொல்லிக்கொண்டே பார்ப்பவரை நேர் எதிரான முடிவுக்குக் கொண்டுபோக முடிகிறது என்பது இந்த வரைபட முறையின் விசித்திரம். வெறும் உறுப்பைத் தனியே பிரித்து வரைந்தால் அம்புகள் மறுபடி திரும்பிக்கொள்ளும். ஒரே தாளில் இரண்டு பழக்கமும் கலந்து கிடந்தால், வரைந்தவர் போனபின் அந்தத் தாளை யார் படித்தாலும் பாதிக்குப் பாதிதான்.

ஆகவே குறிக்கு வேறொரு நீதிமன்றம் வேண்டும். எனக்குத் தெரிந்தவற்றில் நாணயமானது, உறுப்பை மனத்துக்குள் எடுத்துவிட்டு அதன் இரண்டு முனைகளும் விலகுகின்றனவா நெருங்குகின்றனவா என்று பார்ப்பது. விலகுமென்றால் அங்கே இருந்த உறுப்பு அவற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது, நெருங்குமென்றால் முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தது. இது வெறும் உத்தேசம் போலத் தோன்றலாம். ஆனால் இப்படிப்பட்ட ட்ரஸ்ஸில் உறுப்புகள் தேவைக்கு ஒன்றும் கூடுதலில்லை. ஒன்றை எடுத்தாலும் முழுதும் ஆடும் யந்திரமாகிவிடும். அந்த ஆட்டத்தில் சுமைகள் எந்தப் பக்கம் இறங்குகின்றனவோ அந்தப் பக்கம்தான் அது போகும். உறுப்பின் விசையை அதன் முனைகள் விலகும் தூரத்தால் பெருக்கினால் சுமைகள் இறங்கிச் செய்யும் வேலைக்குச் சமம் என்ற விதியே இதற்குப் பின்னால் நிற்கிறது. அதனால் இங்கே குறி தவற இடமில்லை. க-இ சாய்வை எடுத்துவிடுங்கள். ஆ, இ, ச, க நான்கும் சேர்ந்த செவ்வகம் சாய்ந்து இணைகரமாகும். இடப்பக்கத்தில் தாங்கியின் 36 மேலே, சுமையின் 24 கீழே. மிச்சம் 12 இடப்பக்கத்தைத் தூக்குகிறது, வலப்பக்கம் இறங்குகிறது. க மேலே போக, இ கீழே போக, இரண்டுக்கும் நடுவில் தூரம் கூடுகிறது. ஆகவே இழுவிசை. நாண்களுக்கு இதைவிட எளிய வழி உண்டு. நடுவில் ட்ரஸ்ஸை வெட்டி, இ-யைச் சுற்றித் திருப்புதிறன் எடுத்தால் 36-ஐ ஆறு மீட்டரால் பெருக்கி, அதிலிருந்து 24-ஐ மூன்றால் பெருக்கிக் கழிக்க 144. நான்கு மீட்டர் உயரத்தால் வகுக்க 36. மேல்நாணுக்கு வந்த எண் அதுவே. அந்த 144 பாலத்தைத் தொய்யவைக்கிற பக்கம் சுற்றுகிறது. தொய்யும் பாலத்தில் மேல்புறம் சுருங்கும், கீழ்ப்புறம் நீளும். மூட்டு வழியே நடந்து வராத ஒரு கணக்கு வேறு வாசல் வழியாக வந்து அதே எண்ணையும் அதே குறியையும் சொல்லும்போதுதான் டிக்குக்கு மதிப்பு.

மனப்பாடத்தை நம்பிக் குறி போடுவதும் ஒரு வழி; பலர் கைக்கொள்வதும் அதுவே. பிராட் ட்ரஸ்ஸில் சாய்வுகள் இழுபடும், செங்குத்துகள் அமுங்கும் என்று வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறார்கள். நம் பாலம் அசல் பிராட் வடிவம்தான். ஆனால் ஆ-க 24 இழுவிசை, இ-ச பூஜ்ஜியம். மூன்று செங்குத்தில் ஒன்றுகூட அமுங்கவில்லை. முனைக்கு அடுத்த செங்குத்து வெறும் தொங்கட்டான், கீழே கட்டிய சுமையைத் தூக்கி மேலே ஒப்படைப்பது மட்டுமே அதன் வேலை. செங்குத்து அமுங்க வேண்டுமானால் கட்டங்கள் இன்னும் கூட வேண்டும், அல்லது சுமை மேல் மூட்டுகளில் ஏற வேண்டும். அந்தப் பூஜ்ஜியத்தையும் வேண்டாத உறுப்பு என்று எடுத்துவிட முடியாது. இ-ச இல்லாவிட்டால் மூன்று மீட்டருக்கு ஒருமுறை பிடிமானம் பெற்றிருந்த மேல்நாண் ஆறு மீட்டருக்குத் தனியே நிற்க நேரும். நீளம் இரட்டித்தால் வளைந்து முறியும் எல்லை கால் பங்காகக் குறைகிறது. டி-யும் இல்லாமல் சி-யும் இல்லாமல் தாளில் வெறும் வட்டமாக நிற்கும் உறுப்பு, மற்றொன்றின் சி-யைத் தாங்கிக்கொண்டிருக்கிறது.

சாய்வை மட்டும் திருப்பிப் போட்டுப் பார்ப்பது எனக்குப் பிடித்த சோதனை. க-இ-க்குப் பதிலாக ஆ-ச; அந்தப் பக்கமும் அப்படியே. இது 1840-ல் வில்லியம் ஹவ் காப்புரிமை வாங்கிய வடிவம். சுமை அதே, அளவு அதே. கணக்குப் போட்டால் சாய்வில் மறுபடி 15 வருகிறது, இந்த முறை அமுக்கம். மேல்நாண் 27 ஆகிறது, கீழ்நாணின் நடுப்பகுதி 36 ஆகிறது. இரண்டும் தங்கள் எண்களை மாற்றிக்கொள்கின்றன. செங்குத்துகளோ முனைப்பக்கம் 36, நடுவில் 24, எல்லாம் இழுவிசை. ஹவ்வுக்கு இது வசதி. மரச் சாய்வுகள் அமுக்கத்தை வாங்கும், திருகாணி முடுக்கிய இரும்புக் கம்பிகள் செங்குத்தாக இழுக்கும். மரத்தை முனையில் முட்டக்கொடுத்தால் போதும், பிடித்திழுக்கும் இணைப்பு வேண்டாம். இதே வடிவத்தில்தான் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்–மாஸ்கோ ரயில் பாதைக்கு மரப்பாலங்கள் கட்டினார்கள். அந்த வேலையில் இருந்த திமித்ரி ஷுராவ்ஸ்கி என்ற இளம் பொறியாளர், மூட்டு மூட்டாகக் கணக்கிட்டு, எல்லாச் செங்குத்துக் கம்பிகளும் ஒரே தடிமனில் இருப்பது தவறு, தாங்கிக்குப் பக்கத்தில் இருப்பவைதான் அதிகம் இழுபடுகின்றன என்றார். நம்பாதவர்களுக்காக அவர் ஒரு மாதிரி செய்து, கம்பிகளுக்குப் பதில் ஒரே தடிமனுள்ள தந்திகளைப் பூட்டி, சுமையேற்றி, வயலின் வில்லால் மீட்டிக் காட்டினார். தாங்கிக்குப் பக்கத்துத் தந்தி உயர்ந்த சுருதியில் பாடியது. நம் சின்னப் பாலத்தில் அதைச் செய்தால் 36-க்கும் 24-க்கும் உள்ள விகிதத்தின் வர்க்கமூலம் ஏறக்குறைய 1.22, நடுத்தந்தியை ஷட்ஜமாக வைத்தால் முனைத்தந்தி சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் இடையில் எங்கோ ஒலிக்கும். அந்தச் சோதனை எவ்வளவு நுட்பமானது என்பது யோசிக்க யோசிக்கத் தெரிகிறது. தந்தி எண்ணின் அளவை மட்டும் சொல்லவில்லை. அமுங்கும் இடத்தில் தந்தியைப் பூட்டினால் அது தொய்ந்து ஊமையாகிவிடும். ஒலித்தது என்றாலே அங்கே இழுவிசை. சமன்பாடு சொல்லாத குறியை அந்த மாதிரி காதுக்கே சொல்லிவிட்டது.

குறி தவறினால் என்ன ஆகும் என்பதையும் ஒரே உறுப்பில் பார்த்துவிடலாம். பிராட் வடிவத்தில் க-இ சாய்வுக்கு 15 கிலோநியூட்டன் இழுவிசை. ஏறக்குறைய ஒன்றரை டன் எடை. அதற்கு 12 மில்லிமீட்டர் உருண்டைக் கம்பி போதும்: குறுக்குப் பரப்பு 113 சதுர மில்லிமீட்டர், தகைவு சதுர மில்லிமீட்டருக்கு 133 நியூட்டன், சாதாரண மென் எஃகு 250-இல்தான் இளகத் தொடங்கும். அதே கம்பி, அதே 15, குறி மட்டும் சி என்று வைத்துக்கொள்வோம். ஐந்து மீட்டர் நீளமும் 12 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள கம்பி இரு முனையிலும் அமுக்கப்பட்டால் ஆய்லரின் சூத்திரப்படி 80 நியூட்டனில் வளைந்து விலகிவிடும். எண்பது நியூட்டன் என்பது எட்டுக் கிலோ. ஒரு கைப்பை அரிசி. ஒன்றரை டன்னுக்கும் எட்டுக் கிலோவுக்கும் நடுவில் நிற்பது தாளில் அந்த ஒரு பொடி எழுத்து. அமுக்கத்துக்கு என்று முறையாகச் செய்ய வேண்டுமானால் மூன்றரை அங்குல விட்டமுள்ள குழாய் வேண்டும். ஏழெட்டு மடங்கு எஃகு. எண்ணில் பத்துச் சதவீதம் பிசகினால் கட்டடம் பொறுத்துக்கொள்ளும், அதற்கென்றே பாதுகாப்புக் குணகம் வைத்திருக்கிறோம். குறியில் பிசகினால் எந்தக் குணகமும் காப்பாற்றாது. ஆனால் நம் தாள்களில் எண்ணைப் பெரிதாகவும் குறியைச் சிறிதாகவும் எழுதுகிறோம்.

இவ்வளவுக்கும் பிறகு குறி சரி என்று வைத்துக்கொண்டாலும், எதற்குச் சரி என்ற கேள்வி மிஞ்சுகிறது. க-இ இழுபடுகிறது என்று சொன்னது மூன்று மூட்டிலும் சுமை இருக்கும்போது. ஆ-வில் மட்டும் 24 இருக்கட்டும், மற்ற இரண்டும் வெறுமையாக இருக்கட்டும். ஒரு வண்டி பாலத்தில் இப்போதுதான் ஏறியிருக்கிறது. இடத்தாங்கியில் 18, வலத்தாங்கியில் 6. க-வில் முனைக்கால் 18 மேலே தள்ள, செங்குத்து 24 கீழே இழுக்க, சாய்வு 6 மேலே தள்ள வேண்டியதாகிறது. க-இ கழித்தல் 7.5, அமுக்கம். எந்தத் தவறும் செய்யாமலேயே டி, சி-யாகிவிட்டது. நம் 12 மில்லிமீட்டர் கம்பி வண்டி முதல் மூட்டைத் தொட்டதுமே வளைந்துவிடும். பழைய பாலங்களின் நடுக்கட்டங்களில் சாய்வுக்கு எதிர்ச்சாய்வாக இன்னொரு மெல்லிய கம்பி போட்டிருப்பது இதற்காகத்தான். ஒன்று தொய்யும்போது மற்றது இழுக்கும். தகரக் கூரையின் ட்ரஸ்ஸிலும் இதே கதை. ஓட்டின் எடை இல்லாத மெல்லிய தகடு, அடியில் புகுந்த காற்று கூரையை மேலே தூக்கினால் கீழ்நாணின் இழுவிசை அமுக்கமாகிறது. பக்கவாட்டில் பிடிமானமே இல்லாத நீண்ட உறுப்பு அது. டி என்பதும் சி என்பதும் உறுப்பின் குணம் அல்ல. சுமை இருக்கும் இடத்தைப் பொறுத்த செய்தி மட்டுமே.

வண்டி இல்லாத பாலம் உலகில் உண்டு, எடை இல்லாத பாலம் இல்லை. பாலத்தின் சொந்த எடை மூன்று மூட்டிலும் சமமாக இறங்குகிறது. அதில் ஒவ்வொரு கிலோநியூட்டனும் க-இ சாய்வுக்கு 0.625 இழுவிசை தரும். ஆ-வில் மட்டும் நிற்கும் வண்டியின் ஒவ்வொரு கிலோநியூட்டனும் 0.3125 அமுக்கம் தரும். சரியாகப் பாதி. ஆகவே வண்டியின் சுமை, ஒரு மூட்டில் இறங்கும் சொந்த எடையைப்போல் இரண்டு மடங்கைத் தாண்டாதவரை அந்தக் குறி டி-யாகவே நிற்கும், தாண்டினால் சி. குறியைத் தீர்மானிப்பது கடைசியில் பாலத்தின் எடை. அந்த எடையோ மூட்டு முறை கண்டுபிடிக்கும் எண் அல்ல. கணக்கு தொடங்குவதற்கு முன்பே யாரோ மதிப்பிட்டுத் தாளின் தலையில் எழுதிவைப்பது. கனடாவில் செயின்ட் லாரன்ஸ் ஆற்றின்மேல் கட்டிக்கொண்டிருந்த கியூபெக் பாலம் 1907 ஆகஸ்ட் 29 அன்று விழுந்து 75 பேர் இறந்தபோது, முறிந்த கீழ்நாண் உறுப்புகளின் குறியில் தவறு இல்லை. கையை நீட்டியதுபோன்ற பாலத்தில் கீழ்நாண்தான் அமுங்கும், அது எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது. பாலத்தின் சொந்த எடையைக் குறைத்து மதிப்பிட்டிருந்தார்கள். அமுங்கும் உறுப்புகளைப் பின்னிப் பிடித்த சட்டங்கள் மெலிந்தவையாக இருந்தன. அங்கே எடை கூடியதால் கேடு. நம் சின்னப் பாலத்தில் எடை குறைந்தால் கேடு. பழைய கனத்த தளத்தைப் பெயர்த்துவிட்டு இலேசான எஃகுத் தகட்டைப் போட்டு, பாலத்தின் பாரத்தைக் குறைத்துவிட்டோம் என்று ஒருவர் மகிழலாம். பெரும்பாலான உறுப்புகளில் எண் குறையும், அது உண்மை. க-இ சாய்வில் அதுவரை வராத அமுக்கம் வரும். எட்டு மூட்டிலும் பூஜ்ஜியம் வந்த பழைய தாள் அப்போதும் கோப்பில் இருக்கும், கூட்டலில் ஒரு பிழையும் இல்லாமல். அதனால் டி என்று மட்டும் எழுதிய குறியை நான் பாதி எழுதிய வாக்கியமாகவே படிக்கிறேன். எந்தச் சுமைக்கு, எந்த எடையை நம்பி என்ற மீதிப் பாதியும் அதே பென்சிலில், அதே இடத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் சரிபார்க்க அந்தத் தாளில் எதுவும் இல்லை.